நினைத்த பெயர் ஏற்கெனவே போய்விட்டதா? டொமைனும் ஹேண்டிலும் ஒரே பெயரில் அமைய முழுமையான வழிகாட்டி

கடைக்குப் பெயர் வைத்து, போர்டுக்கு ஆர்டர் கொடுத்து, கவரில் அச்சடித்த பிறகுதான் பலரும் அந்தப் பெயரில் டொமைன் கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். கிடைக்காது என்று தெரிந்ததும் அவசர அவசரமாக ஒரு ஹைஃபன், ஒரு 123, ஒரு official என்று எதையாவது ஒட்டி வாங்கிவிடுகிறார்கள். டொமைனில் ஒரு பெயர், இன்ஸ்டாகிராமில் வேறு, யூடியூபில் இன்னொன்று. பிறகு வாடிக்கையாளரிடம் போனில் முகவரி சொல்லும்போதுதான் வலி தெரியும்.

நினைத்த பெயர் கிடைக்காதது பெரிய விஷயமில்லை. எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் ஒரு பெயர் கிடைக்கிறதா என்பதுதான் முக்கியம். அதற்குச் சில வேலைகளை வரிசை மாறாமல் செய்ய வேண்டும்.

விளக்கத்துக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஈரோடு பக்கம் ஒருவர் மரச்செக்கு எண்ணெய் விற்கிறார், பிராண்டுக்கு ‘வாகை’ என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறார். பெயரும் கீழே நான் சொல்லும் நிலவரமும் உதாரணத்துக்காக வைத்தவைதான், நீங்கள் தேடும்போது வேறாக இருக்கலாம்.

## 1. தேடத் தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

ஒரு புதிய ஜிமெயில் கணக்கு, தொழிலுக்கென்று ஒரு செல்போன் எண், ஆன்லைனில் பணம் கட்ட ஒரு கார்டு அல்லது யூபிஐ. இந்த மூன்றும் கையில் இல்லாமல் தேடல் வேலையையே தொடங்காதீர்கள். நல்ல பெயர் அகப்பட்டதும் அதே அமர்வில் பதிவு செய்துவிட வேண்டும். ஓடிபி வரும் எண் அண்ணனிடம் இருக்கிறது, கார்டு அப்பாவிடம் இருக்கிறது என்றால் நடுவில் வேலை நின்றுபோகும்.

மின்னஞ்சல் ஏன் புதிய டொமைனிலேயே இருக்கக் கூடாது? டொமைன் புதுப்பிக்காமல் போனால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்து செத்துப்போகும். மீட்பதற்கான கடிதம் அந்த முகவரிக்குத்தான் வரும், உங்களால் திறக்க முடியாது. அதனால் டொமைன் கணக்கின் சாவி எப்போதும் வெளியே உள்ள ஒரு முகவரியில் இருக்கட்டும்.

இன்னொன்று, டொமைனை யார் பெயரில் வாங்குவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வெப்சைட் செய்து கொடுப்பவர் ‘நானே வாங்கிடறேன் சார்’ என்பார், நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் கணக்கு அவர் பெயரில் இருந்தால் டொமைனுக்குச் சொந்தக்காரர் அவர்தான். நான் பார்த்தவரை டொமைன் கைநழுவிப் போகும் கதைகளில் இதுதான் அதிகம். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், வேலை செய்ய அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.

## 2. பெயரை யோசிக்கும் முன் எழுத்து வரம்பைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் கடைசியில் நான்கு தளத்தில் நான்கு பெயரோடு நிற்கிறார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு விதி உண்டு, அவை ஒன்றோடொன்று பொருந்தாது.

டொமைனில் ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன் வரலாம், அடிக்கோடு வரக் கூடாது. இன்ஸ்டாகிராமில் அடிக்கோடும் புள்ளியும் வரலாம், ஹைஃபன் வராது. நீளம் 30 எழுத்து வரை. எக்ஸ் தளத்தில் அடிக்கோடு மட்டும்தான், அதுவும் மொத்தம் 15 எழுத்துக்குள். யூடியூப் ஹேண்டில், அதாவது @ போட்டு வரும் கணக்குப் பெயர், 3 முதல் 30 எழுத்து. டெலிகிராமில் குறைந்தது 5 எழுத்து வேண்டும். ஃபேஸ்புக் பக்கத்துக்கும் குறைந்தது 5 எழுத்து, அங்கே புள்ளி வைத்தாலும் அது கணக்கில் வராது. vaagai.mill என்பதும் vaagaimill என்பதும் அதற்கு ஒன்றே.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒரே விதிதான்: வெறும் எழுத்துகள் (வேண்டுமானால் எண்), 5 முதல் 15-க்குள். ஹைஃபன், அடிக்கோடு, புள்ளி மூன்றுமே ஏதோ ஓர் இடத்தில் உதைக்கும்.

இதை வைத்தே பாதி யோசனைகளைக் கழித்துவிடலாம். vaagaichekkuennai அழகாகத்தான் இருக்கிறது, 17 எழுத்து, எக்ஸ் தளத்தில் நுழையாது. vaagaimillofficial 18 எழுத்து, அதுவும் போச்சு. ‘எனக்கு எக்ஸ் தளமே வேண்டாம், எண்ணெய் விற்கிறவனுக்கு அங்கே என்ன வேலை’ என்றால் சரி, வரம்பைத் தளர்த்திக்கொள்ளலாம். ஆனால் 15 எழுத்தைத் தாண்டிய முகவரியைப் போனில் சொல்லிப் பாருங்கள், எதிர்முனையில் இருப்பவர் ‘வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க’ என்பார்.

## 3. தமிழ்ப் பெயரென்றால் ஆங்கில எழுத்துக்கூட்டலை முதலில் உறுதி செய்யுங்கள்

தமிழ்ப் பெயருக்கு இந்தத் தலைவலி தனி. வாகை என்பதை vaagai, vagai, vaakai, vakai, vahai என்று ஐந்து விதமாக எழுத ஆள் இருக்கிறார்கள். நெடில், ககர ஒலி, ழகரம், தகரம், இரட்டை எழுத்து, இந்த ஐந்தும் வரும் இடமெல்லாம் பிளவு வரும்.

உங்களுக்கு எது சரி என்று தோன்றுகிறது என்பது இங்கே உதவாது. உங்கள் பொருளை வாங்கக்கூடியவர்களில் சிலரைக் கூப்பிட்டு, பெயரை வாயால் மட்டும் சொல்லி, அவர்கள் போனில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் எட்டிப் பார்த்துத் திருத்தாதீர்கள். பலர் எப்படி அடிக்கிறார்களோ அதுதான் உங்கள் முதன்மை எழுத்துக்கூட்டல். இரண்டாவதாக வந்ததைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாகையில் பெரும்பாலும் vagai, vaagai இரண்டும்தான் மோதும். vagai என்று எழுதினால் ‘வகை’ என்றும் படிக்கலாம், அதனால் நம்மவர் vaagai பக்கம் போகிறார். vagai குறிப்பேட்டில் இருக்கட்டும்.

எழுத்துக்கூட்டல் ஆறேழு விதமாகச் சிதறினால் அந்தப் பெயரையே கைவிடுவது நல்லது, குறிப்பாக ழகரமும் நெடிலும் சேர்ந்து வரும் பெயர்கள். தாழை என்று வைத்துவிட்டு thaazhai, thazhai, thaalai என்று வாழ்நாள் முழுக்க விளக்கிக்கொண்டிருக்க முடியாது. thalai என்று அடித்து ‘தலை’ தளத்துக்குப் போகிறவரும் இருப்பார்.

## 4. பெயர் யாரிடம், எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

‘கிடைக்காது’ என்பதில் பல வகை உண்டு. டொமைன் விற்கும் தளம் காட்டும் சிவப்பு எழுத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். lookup.icann.org போய் டொமைனை உள்ளிடுங்கள். .com முகவரியென்றால் அந்த முகவரிகளின் மூலப் பட்டியலை வைத்திருக்கும் பதிவகத்தின் தகவலை நேரடியாக பிரவுசரிலேயே பார்க்கலாம்:

```
https://rdap.verisign.com/com/v1/domain/vaagai.com
```

.in முகவரிக்கு registry.in தளத்தில் தேடலாம். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், அது வேண்டாம். பதிவான தேதி, முடியும் தேதி, நிலை, இந்த மூன்றுதான் வேண்டும்.

நிலையில் clientTransferProhibited என்று இருந்தால் பயப்பட வேண்டாம், யாரும் திருடிச் செல்லாமல் போட்ட சாதாரணப் பூட்டு. redemptionPeriod என்றால் பழைய சொந்தக்காரர் பணம் கட்டாமல் விட்டுவிட்டார், மீட்க 30 நாள் அவகாசம் ஓடுகிறது. pendingDelete என்றால் இன்னும் 5 நாளில் பொதுவில் வந்துவிடும்.

முடியும் தேதியில் ஒரு பொறி இருக்கிறது. .com முகவரி ஒன்று முடிந்த அன்று பதிவகம் தானாகவே ஓராண்டு நீட்டித்துவிடும், விற்ற நிறுவனம் அதை 45 நாளுக்குள் ரத்து செய்யலாம். ஆகவே தேதி அடுத்த ஆண்டுக்குத் தாவிவிட்டது என்பதால் உரிமையாளர் பணம் கட்டிவிட்டார் என்று அர்த்தமில்லை. 45, 30, 5 என்று கூட்டினால் முடிந்த நாளிலிருந்து ஏறக்குறைய 80 நாள் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வரலாம். அப்போதும் கொஞ்சம் நல்ல பெயரென்றால் விற்ற நிறுவனமே நடுவில் ஏலத்தில் விட்டுவிடும், பொதுவுக்கு வராது. இதை நம்பித் தொழிலைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி அந்த முகவரியைத் திறந்து பாருங்கள். உங்கள் தொழிலிலேயே இருக்கும் ஒருவர் ஓட்டுகிறாரா, பெயரை விட்டுவிடுங்கள், இத்தோடு பேச்சு முடிந்தது. வேறு துறை ஆள் ஓட்டுகிறாரா, அடுத்த படிக்குப் போகலாம். ‘விற்பனைக்கு’ என்ற பக்கம் வருகிறதா, விலை கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அவர்கள் சொல்லும் முதல் விலை சிறு தொழிலுக்குப் பெரும்பாலும் கட்டாது, அந்தப் பணத்தில் ஒரு செக்கே வாங்கிவிடலாம். பேரம் படிந்து வாங்குவதென்றால் நேரடியாகப் பணம் அனுப்பாதீர்கள், டொமைன் கைக்கு வரும் வரை பணத்தைப் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ சேவை வழியாகவே போங்கள்.

ஹேண்டிலைப் பொறுத்தவரை கதை வேறு. இன்ஸ்டாகிராமில் @vaagai என்ற கணக்கில் பல ஆண்டாக ஒரு படமும் போடாமல் கிடக்கலாம். ‘சும்மாதானே கிடக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள்’ என்று நினைப்பவர்கள் நிறைய. பதிவு செய்த டிரேட்மார்க் கையில் இருந்து, அந்தக் கணக்கு அதை மீறுகிறது என்று காட்டினால்தான் புகார் எடுபடும். அதன் உரிமையாளரிடம் பணம் கொடுத்து வாங்கலாம் என்றால் கணக்கை விற்பதும் வாங்குவதும் அந்தத் தள விதிக்கே எதிரானது. பணம் கொடுத்த பிறகு கணக்கு முடங்கினாலும் பழைய ஆள் மீட்டெடுத்துக்கொண்டாலும் யாரிடமும் முறையிட முடியாது.

## 5. டிரேட்மார்க்கைத் தேடுங்கள், மாற்றுப் பெயர் யோசிப்பதற்கு முன்பே

இந்தப் படியை ஏன் இவ்வளவு முன்னால் வைக்கிறேன் என்றால், வேர்ப்பெயரே இன்னொருவரின் டிரேட்மார்க் என்றால் அதற்கு முன்னும் பின்னும் என்ன ஒட்டினாலும் உதவாது.

இதற்கு நம் நீதிமன்றங்களிலேயே பழைய வழக்குகள் உண்டு. 1999-இல் yahooindia.com என்ற முகவரியை எடுத்தவர்களுக்கு எதிராக டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னால் india சேர்த்திருக்கிறோமே என்ற வாதம் நிற்கவில்லை. சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே, தன் sify என்ற பெயரைப்போலவே siffynet என்று முகவரி எடுத்த நிறுவனத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய் 2004-இல் வென்றது. ஓர் எழுத்தைக் கூட்டினால் வேறு பெயராகிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பைத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

ipindia.gov.in தளத்தில் டிரேட்மார்க் பொதுத் தேடல் இருக்கிறது, இலவசம். வகுப்பு எண் கேட்கும். சமையல் எண்ணெய் 29, சர்க்கரை, மசாலா, மாவு 30, துணிமணி 25, கடை நடத்துவது 35. வேர்ட்மார்க் தேடலோடு நிற்காமல் ஒலி ஒற்றுமைத் தேடலையும் போடுங்கள், நம் பெயர்களுக்கு அதுதான் முக்கியம், vagai என்று பதிவாகியிருப்பது vaagai தேடலில் அகப்படாது.

பட்டியலில் Registered என்று உங்கள் வகுப்பிலேயே ஒன்று நின்றால் வேர்ப்பெயரையே மாற்றுங்கள். Abandoned, Refused என்பவை கடந்துபோனவை, ஆனால் திறந்து ஏன் என்று படியுங்கள். Objected, Opposed என்றால் இழுபறி நடக்கிறது, அந்த இடத்தில் ஒரு டிரேட்மார்க் வக்கீலிடம் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

நம் வாகைக்கு வகுப்பு 29-இல் மோதல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். vaagai.com மட்டும் வேறு துறை ஆளிடம் இருக்கிறது. இப்போதுதான் மாற்று யோசிக்கலாம்.

## 6. வேர்ப்பெயரோடு ஒரு சொல்லை ஒட்டுங்கள், அது பேசும் சொல்லாக இருக்கட்டும்

பெரிய நிறுவனங்களே இப்படித்தான் தொடங்கின. டிராப்பாக்ஸ் முதலில் getdropbox.com, ஃபேஸ்புக் thefacebook.com, டெஸ்லா 2016 வரை teslamotors.com. ஆக, ஒட்டுச் சொல் அவமானமில்லை. எந்தச் சொல் என்பதில்தான் விஷயம்.

நான் சொல்வது, நீங்கள் விற்கும் பொருளையோ செய்யும் தொழிலையோ குறிக்கும் சொல். காரணம், ஆள் முழுப்பெயரை மறந்தாலும் ‘வாகைன்னு ஒரு ஆயில் மில்’ என்றாவது நினைவு வைத்திருப்பார், அதையே தேடலில் அடிப்பார். get, my, the, hello போன்றவை செயலிக்குச் சரி, எண்ணெய்க்கடைக்கு ஒட்டாது. ஊர்ப் பெயரும் நல்ல ஒட்டுதான், ஆனால் நாளை கோயம்புத்தூரில் கிளை திறந்தால் vaagaierode இடிக்கும். எண்களை விட்டுவிடுங்கள். 24 என்று முடித்தால் எண்ணா, எழுத்தா என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டும். official என்ற ஒட்டு இன்னும் மோசம், போலிக் கணக்கு தொடங்குகிறவர்களும் அதையேதான் ஒட்டுகிறார்கள், அதனால் அது எதையும் நிரூபிப்பதில்லை.

நம் உதாரணத்தில் நான்கு பெயர் மேசைக்கு வந்தன. vaagaioils: a, i, o, i என்று நான்கு உயிரெழுத்து அடுத்தடுத்து, படிக்கும்போதே கண் தடுக்குகிறது. vaagaichekku: 12 எழுத்து, பொருத்தமான சொல், ஆனால் சிலர் chekku, சிலர் sekku. ஏற்கெனவே வாகையில் ஒரு பிளவு இருக்கிறது, இதில் இன்னொன்று சேர்ந்தால் நான்கு சாத்தியமாகிவிடும். vaagaifoods: குறையில்லை, ஆனால் foods என்று முடியும் பெயர்கள் ஏராளம், மனதில் நிற்காது. vaagaimill: 10 எழுத்து, ‘மில்’ என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல். mil என்று ஒரே l போட்டு அடிப்பவர் இருப்பார்கள், ஆனால் பெரும்பாலோருக்கு mill பழக்கம்.

இரண்டு சொல்லை ஒட்டியதும் நடுவில் வேறொரு சொல் முளைக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் இடைவெளி இல்லாமல் எழுதி, இதுவரை அந்தப் பெயரைக் கேட்டிராத ஒருவரிடம் காட்டி சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடம்தான் பிரச்சினை உள்ள இடம். நீங்களே படித்தால் தெரியாது, உங்களுக்குத்தான் விடை முன்பே தெரியுமே.

ஒரே பெயரோடு சோதனைக்குப் போகாதீர்கள். முன்னுரிமை வரிசையில் மூன்று வைத்துக்கொள்ளுங்கள்.

## 7. எக்ஸ்டென்ஷனை மாற்றி மட்டும் தப்பிக்க நினைக்காதீர்கள்

‘vaagai.com இல்லையா, vaagai.co எடுத்துக்கொள்ளலாம்’ என்பது எல்லாருக்கும் வரும் முதல் யோசனை. .co என்பது கொலம்பியா நாட்டின் முகவரி, பதிவு செய்வதில் தடையில்லை. ஆனால் மக்கள் விரல் தானாக m அடித்துவிடும். அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் நிறுவனம் 2011-இல் பெயரை O.co என்று மாற்றி விளம்பரத்தில் பணத்தைக் கொட்டியது. வாடிக்கையாளர்கள் o.com என்று அடித்துப் பார்த்துத் திரும்பிப் போனார்கள், கடைசியில் நிறுவனம் பழைய பெயருக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

போகிற ஆள் மட்டுமில்லை, மின்னஞ்சலும் தவறிப் போகும். உங்கள் முகவரி orders@vaagai.in, வாடிக்கையாளர் பழக்கத்தில் .com என்று அடித்தால் அந்த ஆர்டர், ஜிஎஸ்டி எண், வங்கி விவரம் எல்லாம் .com வைத்திருக்கும் முன்பின் தெரியாதவருக்குப் போகலாம். அதனால் .com வேறொருவரிடம் இருக்கும்போது அதே பெயரில் .in எடுப்பதைவிட, ஒரு சொல் ஒட்டி இரண்டும் உங்கள் கையில் இருப்பது மேல்.

இந்தியாவுக்குள் மட்டும் விற்பவருக்கு .in நல்ல தேர்வுதான், மக்களுக்கும் பழக்கமானது. மலிவாக வரும் .xyz, .online, .store வகையறாவை வாங்குமுன் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பாருங்கள். முதல் ஆண்டு நூறு ரூபாய் என்று பெரிய எழுத்தில் இருக்கும், இரண்டாம் ஆண்டு பல மடங்கு என்பது கூடையில் போட்ட பிறகு சிறிய எழுத்தில் வரும். ‘பிரீமியம்’ என்று குறித்த பெயர்களில் ஆண்டுக் கட்டணமே கூடுதலாக இருக்கலாம்.

தமிழிலேயே முகவரி வேண்டும் என்பவர்களுக்கு .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் எல்லாம் உண்டு. ஆசையாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் துணை முகவரியாக மட்டும் வையுங்கள். கணினி உள்ளுக்குள் .இந்தியா என்பதை xn--xkc2dl3a5ee0h என்றுதான் கையாள்கிறது, லிங்க்கைப் பகிரும்போது சில இடங்களில் அந்த வடிவமே வெளியே தெரியும், பார்ப்பவர் மோசடி லிங்க் என்று நினைத்துவிடுவார். பல படிவங்கள் தமிழ் மின்னஞ்சலை ஏற்பதுமில்லை.

## 8. எங்கும் பதிவு செய்யாமல் எல்லா இடத்திலும் பாருங்கள்

முதல் பெயரை எடுத்துக்கொண்டு vaagaimill.com, vaagaimill.in, இன்ஸ்டாகிராம், யூடியூப், ஃபேஸ்புக், எக்ஸ், டெலிகிராம் என்று வரிசையாகப் பாருங்கள். இன்று தேவைப்படாத தளத்தையும் பார்க்க வேண்டும், ஒரு மாதத்தில் யாராவது யூடியூப் தொடங்கச் சொல்வார்கள்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று. இன்ஸ்டாகிராமில் instagram.com/vaagaimill என்று அடித்தால் ‘பக்கம் இல்லை’ என்று வரும், உடனே காலியாக இருக்கிறது என்று முடிவு கட்டுவார்கள். முடக்கப்பட்ட கணக்கு, தற்காலிகமாக மூடி வைத்த கணக்கு எல்லாவற்றுக்கும் அதே செய்திதான் வரும், ஆனால் பெயர் கிடைக்காது. பல தளங்களில் ஒரே சொடுக்கில் தேடித் தரும் இணையதளங்களும் பக்கம் திறக்கிறதா என்றுதான் பெரும்பாலும் பார்க்கின்றன. முதல் வடிகட்டலுக்கு அவை போதும், உறுதியான பதில் கணக்கு திறக்கும் படிவத்தில்தான் கிடைக்கும்.

டொமைன் காலியாக இருந்தால் அது முன்பு யாரிடமாவது இருந்ததா என்றும் பாருங்கள். web.archive.org-இல் முகவரியைப் போட்டால் பழைய பக்கங்கள் வரும். சூதாட்டமோ போலி மருந்தோ விற்ற முகவரியென்றால் தொடவே வேண்டாம். தேடுபொறியிலும் மின்னஞ்சல் வடிகட்டிகளிலும் அதன் கெட்ட பெயர் ஒட்டியிருக்கும், நீங்கள் அனுப்பும் பில் எல்லாம் ஸ்பாமுக்குப் போகும், காரணமும் புரியாது.

ஏதாவது ஒரு முக்கியத் தளத்தில் அடிபட்டால் தயங்காமல் இரண்டாவது பெயருக்குப் போங்கள். ‘இன்ஸ்டாவில் மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாமே’ என்று மனசு இழுக்கும். நீங்கள் vaagaimill_ என்று வைத்தால் அடிக்கோடு இல்லாத கணக்குக்குத்தான் உங்கள் வாடிக்கையாளர் டேக் போடுவார், புகாரையும் அங்கேதான் எழுதுவார்.

## 9. ஒரே அமர்வில், இந்த வரிசையில் பதிவு செய்யுங்கள்

முதலில் இன்ஸ்டாகிராம். காசு கிடையாது, கிடைக்கிறதா என்பது உறுதியாகத் தெரிவதும் கணக்கு திறக்கும்போதுதான். கிடைத்துவிட்டால் உடனே, அதே உட்காரலில், டொமைன். டொமைனை முதலில் வாங்கிவிட்டு ஹேண்டிலில் மாட்டினால் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. அதற்கப்புறம் யூடியூப், ஃபேஸ்புக், எக்ஸ், டெலிகிராம். ஒரே போனில் அடுத்தடுத்துக் கணக்கு திறந்தால் சில தளங்கள் சந்தேகப்பட்டு நிறுத்தி வைக்கும், அதனால் ஒவ்வொன்றிலும் போன் எண்ணைச் சரிபார்த்து, லோகோவும் இரண்டு வரி அறிமுகமும் போட்டுவிட்டே அடுத்ததுக்குப் போங்கள்.

ஹேண்டில் ஆங்கிலத்தில் இருந்தாலும் காட்டும் பெயர் தமிழிலும் இருக்கலாம், ‘வாகை செக்கு எண்ணெய்’ என்று. இன்ஸ்டாகிராம் தேடல் அந்தப் பெயரையும் பார்க்கும். மில் என்று ஒட்டியதில் விட்டுப்போன ‘செக்கு’ இங்கே வந்துவிடுகிறது.

டொமைன் வாங்கும்போது .com, .in இரண்டையும் எடுங்கள், கூடவே மூன்றாம் படியில் குறித்து வைத்த இரண்டாவது எழுத்துக்கூட்டலை, அதாவது vagaimill.com. மற்றவற்றை முதன்மை முகவரிக்குத் திருப்பிவிட்டால் போதும், பெரும்பாலான டொமைன் நிறுவனங்களில் அந்த வசதி உண்டு. ஐந்தாறு வடிவம் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும்.

பணம் கட்டிய பிறகு ஒரு சரிபார்ப்பு மின்னஞ்சல் வரும். .com போன்ற முகவரிகளுக்கு 15 நாளுக்குள் அதிலுள்ள லிங்க்கை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் டொமைனை நிறுத்தி வைப்பார்கள். விளம்பரக் கடிதம் மாதிரியே இருப்பதால் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். வெப்சைட் நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று காணாமல் போனால், lookup.icann.org-இல் நிலை clientHold என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தக் கடிதத்தைத் தேடி எடுங்கள்.

தானியங்கிப் புதுப்பிப்பை நம்பி இருக்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் தொடர் கட்டண விதிகள் 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கிக் கட்டணம் நம் கார்டுகளில் தடைப்படுவது சகஜம். மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டிவிடுங்கள், அதிகபட்சம் 10 ஆண்டு வரை கட்டலாம்.

## 10. பிறகு கவனிக்க வேண்டியவை

பெயர் எல்லா இடத்திலும் அமைந்ததும் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். டொமைன் கையில் இருப்பதால் பெயர் உங்களுடையதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் பெயரில் யாராவது போலிக் கணக்கு தொடங்கினால் தளங்கள் கேட்பது டிரேட்மார்க் எண்ணைத்தான்.

ஹேண்டிலை இனி மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் பழைய பெயரை 14 நாள் வரைதான் உங்களுக்காகப் பிடித்து வைப்பார்கள், அதற்குப் பிறகு யாரும் எடுத்துக்கொள்ளலாம். கவரிலும் க்யூஆர் ஸ்டிக்கரிலும் அச்சான பழைய பெயர் அதற்குள் மறைந்துவிடாது.

வேர்ப்பெயரின் .com மேல் இன்னும் ஆசை இருந்தால், நான்காம் படியில் பார்த்த முடியும் தேதியைப் போன் காலண்டரில் போட்டு வையுங்கள், ஆண்டுக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும். என்றாவது அது கைக்கு வந்து அங்கே மாறினாலும் பழைய vaagaimill.com-ஐ விட்டுவிடாதீர்கள், திருப்பிவிட்டபடியே கட்டணம் கட்டிக்கொண்டிருங்கள். நீங்கள் விட்டால், அவகாசம் முடிந்ததும் அதை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். பழைய கவரைப் பார்த்து ஆர்டர் அனுப்புகிறவரின் கடிதமும், அந்த மின்னஞ்சலில் நீங்கள் திறந்து வைத்த கணக்குகளின் கடவுச்சொல் மீட்பும் அவரிடம்தான் போகும்.